கடலோர ஊரில் இரும்புக் கேட்: கழுவி, காயவைத்து, அப்புறம் சாயம்

பாகான் டத்தோவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக் கேட்டுக்குப் போன தீபாவளிக்கு முதல் வாரம் சாயம் அடித்தோம். பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் அம்மை போட்டது போலக் கொப்புளம். அதுவும் ரோட்டைப் பார்த்த பக்கம் நன்றாகவே இருக்கிறது, வீட்டைப் பார்த்த உள்பக்கம்தான் முழுக்கக் கொப்புளம்.

“டேய், கடைக்காரன் மட்டமான சாயத்தைக் கொடுத்து ஏமாத்திட்டான்” என்றார் சித்தப்பா.

“இல்ல சித்தப்பா, ஒரே டின் சாயம்தானே ரெண்டு பக்கமும் அடிச்சோம்.”

அவர் பதில் சொல்லவில்லை. நான் ஒரு ஊசியை எடுத்து ஒரு கொப்புளத்தைக் குத்தினேன். உள்ளே இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. தோலை உரித்தால் அடியில் இரும்பு கறுப்பாக, ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காற்றுப் பட்டதும் சில நிமிடங்களில் அந்தக் கறுப்பு ஆரஞ்சு நிறத்துக்கு மாறத் தொடங்கியது. தப்பு சாயத்தில் இல்லை. சாயத்துக்கு அடியில் நாங்களே வைத்துப் பூட்டிவிட்ட உப்பில்தான் இருந்தது.

ஈப்போ, தாப்பா பக்கத்திலிருந்து கடலோரத் தோட்டப் பகுதிக்குக் குடிவருகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மேட்டு ஊரில் துருவைத் தேய்த்துவிட்டுச் சாயம் அடித்தால் போதும், நாலைந்து வருடம் ஓடும். இங்கே அதே வேலை நாலு மாதத்தில் பல்லைக் காட்டும். சித்தப்பா கேட்டை மறுபடி எப்படிச் சரி செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் துரு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். அது புரியாமல் செய்தால் கழுவுகிற வேலை வீண் வேலையாகத் தெரியும், பாதியில் விட்டுவிடுவோம்.

ஒரு சொட்டுத் தண்ணீரில் நடப்பது

வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு பழைய இரும்புத் தகட்டை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேயுங்கள். (உப்புத்தாள் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் உப்பு கிடையாது.) ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் ஒரு பெரிய சொட்டை அந்தத் தகட்டின் மேல் வையுங்கள். காற்று அடிக்காத இடத்தில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். துரு சொட்டு முழுக்கப் பரவியிருக்காது. விளிம்பை ஒட்டிய இரும்பு பளபளப்பாகவே இருக்கும், அதற்கு உள்ளே தள்ளி வளையம் போலத் துரு படிந்திருக்கும். துடைத்துவிட்டுப் பார்த்தால் அரிக்கப்பட்டது நடுப்பகுதி.

காரணம் இதுதான். இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகிறது. விட்ட எலெக்ட்ரானை யாராவது வாங்கிக்கொண்டால்தான் அது தொடர்ந்து கரையும். வாங்கிக்கொள்வது காற்றிலிருந்து தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன். சொட்டின் விளிம்பில் தண்ணீர் மெல்லிசு, ஆக்சிஜன் எளிதாக உள்ளே போகும். நடுவில் தண்ணீர் ஆழம், ஆக்சிஜன் குறைவு. அதனால் விளிம்பு வாங்குகிற இடமாகவும், நடு கொடுக்கிற இடமாகவும் பிரிந்துவிடுகின்றன. எலெக்ட்ரான் இரும்பின் வழியாக ஓடுகிறது, மின்னேற்றம் பெற்ற துகள்கள் தண்ணீர் வழியாக ஓடுகின்றன. சுற்று முழுமையாகிவிட்டது. ஒரு குட்டி பேட்டரிதான் அது. கரைந்து வந்த இரும்பும் விளிம்பிலிருந்து வந்த காரமும் வழியில் சந்தித்து, இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு துருவாகப் படிகின்றன. வளையம் வருவது அப்படித்தான்.

இதில் கேட்டுக்கு உதவும் செய்தி ஒன்று இருக்கிறது. அரிப்பு நடப்பது காற்று நன்றாகப் படுகிற இடத்தில் இல்லை, காற்று குறைவாகப் போகிற இடத்தில். தகடும் தகடும் ஒட்டும் இடுக்கு, சாயம் தூக்கிய இடத்தின் அடி, ஆணித் தலையின் கீழ், இவைதான் முதலில் போகும். மேலே தெரியும் துருவைப் பார்த்து உள்ளே இருக்கும் சேதத்தை எடை போடக் கூடாது.

துருவுக்கு இன்னொரு கெட்ட குணம். தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக்கொண்டு வீங்கும், ஆனால் இறுக்கமாக ஒட்டாது. அலுமினியத்தின் மேல் வரும் படலம் தோல் போல ஒட்டி உள்ளே இருப்பதைக் காக்கும். துருவோ பொருபொருவென்று இருந்து, பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உப்பு என்ன செய்கிறது

சரி, உப்புக்கு இதில் என்ன வேலை? மூன்று வேலை.

ஒன்று, தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓட வழி செய்கிறது. மழைத்தண்ணீர் கிட்டத்தட்ட சுத்தமான தண்ணீர், அதில் அந்தக் குட்டி பேட்டரி சோம்பலாக ஓடும். உப்புத் தண்ணீரில் வேகமாக ஓடும்.

இரண்டாவது, உப்பில் உள்ள குளோரைடு, இரும்பின் மேல் உருவாகப் பார்க்கும் மெல்லிய காப்புப் படலத்தைக் குத்திக் கிழிக்கிறது. அதைவிட மோசம், குளோரைடு இந்த வேலையில் தீர்ந்துபோவதில்லை. இரும்போடு சேர்கிறது, துரு உருவாகும்போது விடுபடுகிறது, மறுபடி இரும்பிடம் போகிறது. குழிக்குள் புகுந்துகொண்ட கொஞ்சம் உப்பு பல வருடம் வேலை செய்யும்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. சமையலறையில் உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போட்டு வைக்கிறோமே, எதற்கு? காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காட்டிலேயே ஈரமாகிவிடும். நம் ஊரில் இரவில் ஈரப்பதம் பெரும்பாலும் 90க்கு மேல். ஆக, உப்புப் படிந்த இரும்பு மழையே பெய்யாவிட்டாலும் பெரும்பாலான நேரம் நனைந்துதான் இருக்கிறது. கையால் தொட்டால் தெரியாத அளவு மெல்லிய ஈரம். துருவுக்கு அது போதும்.

இப்போது சித்தப்பா கேட்டின் புதிர் அவிழ்கிறது. அவர் கார் நிறுத்தும் இடத்துக்கு மேல் தகரக் கூரையைக் கேட் வரைக்கும் இழுத்துப் போட்டிருக்கிறார். ரோட்டுப் பக்கத்தில் சாரல் அடித்து உப்பைக் கழுவிவிடுகிறது. உள்பக்கத்தில் காற்று கொண்டுவரும் உப்பு படியும், ஆனால் கழுவ மழை வராது. மழையில் நனையும் பக்கம் துருப்பிடிக்கும், கூரைக்கடியில் இருப்பது பத்திரம் என்று நாம் நினைக்கிறோம். கடலோரத்தில் பல நேரம் கதை தலைகீழ். கூரைத் தகரத்தின் அடிப்பக்கம், ஜன்னல் கம்பியின் வீட்டுப் பக்கம், கடை ஐந்தடி நடைபாதையில் நிற்கும் பைக்கின் அடிப்பகுதி, எங்கே போய்ப் பார்த்தாலும் இதே கதைதான்.

காற்றில் உப்பு எவ்வளவு வருகிறது என்பது அலையைப் பொறுத்தது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிதான் காற்றில் ஏறி வருகிறது. கனமான துளிகள் கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும், அதற்கப்புறம் அளவு சட்டென்று குறையும். மலாக்கா நீரிணையில் அலை சாது, கரையில் கண்டல் காடும் இருக்கிறது. அதனால் வடகிழக்குப் பருவக்காற்றில் அலை மோதும் கிழக்குக்கரை அளவுக்கு நமக்கு வராது. ஆனால் குறைவாக வந்தாலும், கழுவப்படாத இடத்தில் அது மாதக்கணக்கில் சேர்கிறது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கடலே இல்லாத ஊரிலும் உர ஸ்டோர் கதவு ஏன் கரைந்துபோகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் உப்புதான், அதிலும் அதே குளோரைடு. உரம் ஏற்றிய தள்ளுவண்டியையும் டிராக்டர் டிரெய்லரையும் கழுவாமல் நிறுத்தினால் கடற்கரையில் நிறுத்தின மாதிரிதான். கீழே சொல்லும் முறை அவற்றுக்கும் பொருந்தும்.

முதல் நாள்: தட்டு, சுரண்டு, கழுவு

சித்தப்பாவின் கேட் இரண்டு கதவு. ஒவ்வொன்றும் 5 அடி உயரம், 6 அடி அகலம். உள்ளே பொந்தாக இருக்கும் சதுரக் குழாயில் செய்தது.

முதலில் சுத்தியலின் பின்புறத்தால் குழாயை நெடுக மெதுவாகத் தட்டிக்கொண்டு போனேன். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்துப்போன இடத்தில் சத்தம் அமுங்கும். அடிச்சட்டத்தின் ஒரு மூலையில் சத்தம் செத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், உள்ளே இறங்கிவிட்டது. வெல்டிங்கில் விட்ட சின்ன இடைவெளி வழியாக மழைத்தண்ணீர் குழாய்க்குள் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் அடியில் தேங்கி, உள்ளிருந்து தின்றிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்துக்குச் சாயம் மருந்தல்ல. அந்த ஒரு அடித் துண்டை வெட்டி எடுத்துப் புதுக்குழாய் வைத்து வெல்டிங் செய்தோம். அடிச்சட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் இரு முனையிலும் 6 மில்லிமீட்டர் துளை ஒவ்வொன்று போட்டோம், தண்ணீர் வடிய. புதுக் கேட் செய்யக் கொடுக்கிறீர்கள் என்றால் இந்தத் துளையைக் கேட்டு வாங்குங்கள், வெல்டர் தானாகப் போடுவது அபூர்வம்.

அப்புறம் சுரண்டல். தூக்கியிருக்கும் சாயத்தையும் செதில் துருவையும் இரும்புச் சுரண்டியால் எடுங்கள். இந்தக் கட்டத்தில் கிரைண்டரில் கம்பி பிரஷைப் போட்டு ஓட்ட எல்லோருக்கும் ஆசை வரும். பார்க்கப் பளபளவென்று ஆகிவிடும், ஆனால் அது ஏமாற்று. காய்ந்த துருவின் மேல் கம்பி பிரஷ் ஓட்டினால் துருவை மெருகேற்றிவிடும், குழிக்குள் இருக்கும் உப்பை இன்னும் அழுத்திவிடும். போன வருடம் நாங்கள் செய்தது அதைத்தான். பளபளப்பைப் பார்த்துத் திருப்தியாகிச் சாயத்தைப் பூசினோம்.

இன்னொன்று: கேட் பல பத்து வருடம் பழையது, அடியில் செக்கச் செவேலென்று பழைய பிரைமர் இருக்கிறது என்றால் அதில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்து, முகமூடி போட்டுச் சுரண்டி, விழுந்ததைக் கூட்டி அள்ளுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

சுரண்டியதும் கழுவ வேண்டும். ஒரு வாளி வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கொஞ்சம் விட்டு, விறைப்பான பிரஷால் குழி குழியாகத் தேய்த்து, குழாயை நீட்டி நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். கடற்கரைக்கு ரொம்பப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள், பைப் தண்ணீர்தான். கழுவியதும் பழைய துணியால் துடைத்துக் காயவிட்டுவிட்டுப் போய்ப் படுங்கள்.

காலையில் கேட்டிடம் கேளுங்கள்

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். உப்பு போய்விட்டதா என்று கேட்டே சொல்லிவிடும். சுத்தமான இடத்தில் லேசாக, ஒரே சீராக, மஞ்சள் தூவியது போன்ற துரு படிந்திருக்கும். அதைப் பற்றிக் கவலை இல்லை, உப்புத்தாளில் போய்விடும். உப்பு மிச்சமிருக்கும் குழியிலோ கறுப்பான, ஈரமான புள்ளி தெரியும். சுற்றி எல்லாம் காய்ந்திருக்க அந்தப் புள்ளி மட்டும் நனைந்திருக்கிறது என்றால், உள்ளே ஈரத்தை இழுக்க யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

முதல் காலையில் சித்தப்பா கேட்டின் உள்பக்கத்தில் அப்படிப் புள்ளிகள் நிறைய இருந்தன. அந்த இடங்களில் இப்போது கம்பி பிரஷ் போட்டுக் குழியைத் திறந்துவிட்டு மறுபடி வெந்நீரில் கழுவினோம். திறப்பது, கழுவுவது, மறுபடி திறப்பது, மறுபடி கழுவுவது. முதலிலேயே கம்பி பிரஷ் வேண்டாம் என்றேனே, நனைத்துக் கழுவிய பிறகு அது நல்ல கருவிதான். இரண்டாம் காலை பத்துப் பதினைந்து புள்ளி இருந்தது. மூன்றாம் காலை கீல் பக்கத்தில் இரண்டே இரண்டு. அதையும் கழுவினோம்.

“மூணு நாளா கேட்டைக் குளிப்பாட்டிக்கிட்டே இருக்கான்” என்று சித்தி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தது எனக்கும் கேட்டது.

துருவை மாற்றும் திரவம் என்று கடையில் விற்பார்களே, அதைப் போட்டால் இவ்வளவு கழுவ வேண்டாமே என்று கேட்பீர்கள். அதில் இருப்பது டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ. மெல்லிய துருவைக் கறுப்பான, அசையாத படலமாக மாற்றும், அது உண்மை. ஆனால் உப்பை எடுக்காது. தடித்த துருவின் அடிவரைக்கும் போகவும் போகாது. மேட்டு ஊரில் அது உதவும். கடலோரத்தில் கழுவுவதற்குப் பதிலாக அதை நம்பினால் போன வருடக் கதைதான்.

கொப்புளம் ஏன் வந்தது என்பதும் இங்கேதான் விளங்கும். சாயப் படலம் கண்ணாடி இல்லை, தண்ணீர் ஆவி அதன் வழியே மெல்ல ஊடுருவும். அடியில் உப்பு இருந்தால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், ஊறுகாய் ஜாடியில் எலுமிச்சங்காயின் சாற்றை உப்பு வெளியே இழுப்பது போல. வந்த தண்ணீருக்கு இடம் வேண்டும், சாயத்தைத் தூக்குகிறது. எவ்வளவு விலையுயர்ந்த சாயம் அடித்தாலும் இது நடக்கும்.

சாயம் காக்கும் மூன்று வழி

கடையில் போய் நிற்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரும்பை மூன்று விதமாகக் காக்கலாம்.

முதலாவது வேலி. படலம் தடித்து இருந்தால் தண்ணீரும் ஆக்சிஜனும் உப்பும் உள்ளே போவது மெதுவாகும். மேல்சாயமும் எபோக்சியும் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. வேலியில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தில் பாதுகாப்பு முடிந்தது.

இரண்டாவது மருந்து. சில பிரைமரில் ஜிங்க் பாஸ்பேட் போன்ற பொருளைக் கலந்திருப்பார்கள். கொஞ்சம் ஈரம் உள்ளே வந்தாலும் அது இரும்பின் மேல் அரிப்பைத் தடுக்கும் படலத்தை உண்டாக்கும். எல்லோரும் வாங்கும் சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமரின் சிவப்பில் அப்படி எந்த மருந்தும் இல்லை. அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு, துருவுக்குச் சொந்தக்காரன்தான். அது நிறத்தையும் வேலியையும் தரும், அவ்வளவே. டின்னில் ஜிங்க் பாஸ்பேட் என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது பலி. துத்தநாகம் இரும்பைவிடச் சுலபமாக எலெக்ட்ரானைக் கொடுக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் கீறல் விழுந்தாலும் அந்த இடம் உடனே துருப்பிடிக்காதது இதனால். ஆனால் பலி கொடுக்கும் சரக்கு தீரும். சாதாரண ஜி.ஐ. தகட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான்தான் துத்தநாகம். உப்புக் காற்று பலமாக உள்ள இடத்தில் வருடத்துக்கு 4 மைக்ரான் போனாலே ஐந்து வருடத்தில் முடிந்தது. உருகிய துத்தநாகத் தொட்டியில் முழுதாக முக்கி எடுத்த சாமானில் படலம் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். புதிதாகக் கேட் செய்பவர்கள் கையில் காசு இருந்தால் அப்படி முக்கிய கேட்டைச் செய்துகொள்வதுதான் என் யோசனை.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. ஜி.ஐ. கேட்டின் மேல் சாதாரண எண்ணெய் எனாமல் சாயத்தை நேரே அடிக்காதீர்கள். துத்தநாகம் சாயத்தின் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாக மாறும். சில மாதத்தில் சாயம் வாழைப்பட்டை போலக் கையோடு உரிந்து வரும். ஜி.ஐ.க்கு ஆகும் என்று டின்னில் எழுதியிருக்கும் எபோக்சி பிரைமரோ எட்ச் பிரைமரோ முதலில் போட்டாக வேண்டும்.

சாயம் அடிக்கும் நாள்

எங்கள் கேட் வெறும் இரும்பு, அதனால் ஜிங்க் பாஸ்பேட் கலந்த இரண்டு டப்பா எபோக்சி பிரைமர் எடுத்தோம். இரண்டு டப்பாவையும் எழுதியிருக்கும் விகிதத்தில் கலந்தால்தான் இறுகும். கண்ணளவில் கலந்தால் சில இடம் என்றைக்கும் ஒட்டிக்கொண்டே இருக்கும். கலந்ததும் நேரம் ஓடத் தொடங்கிவிடும், நம் வெக்கையில் டின்னில் சொன்னதைவிடச் சீக்கிரமே இறுகும். அரை லிட்டர் அரை லிட்டராகக் கலந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது? ஒரு கதவில் 1 அங்குலச் சதுரக் கம்பி 14. ஒரு கம்பியின் நாலு பக்கமும் சேர்ந்து 4 அங்குலச் சுற்று, 5 அடி நீளம். அப்படி 14 கம்பிக்குக் கிட்டத்தட்ட 23 சதுர அடி. சட்டத்துக்கு ஒரு 17. ஆக ஒரு கதவு 40, இரண்டும் 80 சதுர அடி, அதாவது ஏழரைச் சதுர மீட்டர். 1 லிட்டர் சாயத்தை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரமாக 100 மைக்ரான் தடிமன் வரும். சாயத்தில் பாதி ஆவியாகும் சரக்கு என்றால் காய்ந்ததும் 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லிசு! பிரஷிலும் தரையிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்து, இந்தக் கேட்டுக்கு ஒரு தடவைக்கு 1 லிட்டர் என்று கணக்கு வைத்தோம். போன வருடம் இரண்டு தடவைக்கும் சேர்த்தே 1 லிட்டர்தான், அதிலும் இழுவைக்கு என்று தின்னரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். தின்னர் ஊற்றினால் பரப்பு கூடும், காய்ந்த பிறகு படலம் குறையும்.

நேரம் முக்கியம். காலையில் இரும்பின் மேல் பனி படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கையை வைத்தால் சில்லென்று இருக்கும். ஈரப்பதம் 85க்கு மேல் இருக்கும்போது சாயம் அடிப்பது வீண். பத்து மணிக்கு மேல் இரும்பு வெதுவெதுப்பானதும் தொடங்கி, மத்தியானம் இரண்டு மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் இடி மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்குச் சாயம் அடிக்கும் நம் வழக்கத்தில் உள்ள சிக்கலும் இதுதான். அக்டோபர், நவம்பர் இந்தப் பக்கம் மழை கொட்டும் மாதம். கேட்டை மட்டுமாவது ஜூன், ஜூலையில் முடித்துவிடுங்கள், சுவரை வேண்டுமானால் பண்டிகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்குக் காலை 80 நம்பர் உப்புத்தாளால் கேட் முழுக்கத் தேய்த்து, தூசியைத் துடைத்து, தின்னர் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்தோம். அதற்கப்புறம் வெறுங்கை படக்கூடாது, வியர்வையிலும் உப்பு இருக்கிறது. தேய்த்த இரும்பை அன்றைக்கே மூடிவிட வேண்டும், ராத்திரி தாண்டினால் மறுபடி மஞ்சள் பூத்துவிடும்.

பிரைமரை முதலில் பெரிய பரப்பில் அடிக்காதீர்கள். சின்ன பிரஷை எடுத்து வெல்டிங் மேடு, குழாயின் கூர் விளிம்பு, இடுக்கு, கீல் அடி இவற்றுக்கு மட்டும் முதலில் தடவுங்கள். ஈரச் சாயம் கூர்மையான விளிம்பிலிருந்து பின்வாங்கும், மற்ற இடத்தில் 50 மைக்ரான் நின்றால் விளிம்பில் அதில் பாதி நிற்பதே அதிகம். எந்தக் கேட்டிலும் துரு முதலில் விளிம்பிலும் வெல்டிங்கிலும் எட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம்தான் ஆகும். அப்புறம் முழுக் கேட்டுக்கும் ஒரு தடவை. மறுநாள் இன்னொரு தடவை பிரைமர், வேறு நிறம் கிடைத்தால் நல்லது, விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரியும்.

எபோக்சி வெயிலில் சுண்ணாம்பாகப் பூத்து உதிரும், அதை அப்படியே விட முடியாது. டின்னில் சொன்ன இடைவெளிக்குள் மேல்சாயம் இரண்டு தடவை போட்டோம். இடைவெளி தாண்டிவிட்டால் எபோக்சி வழுவழுவென்று இறுகிவிடும், லேசாக உப்புத்தாள் போடாமல் மேல்சாயம் பிடிக்காது.

அதற்கப்புறம்

கீலுக்கு கிரீஸ் வைத்தோம். துருவில்லா எஃகு போல்ட் போடலாமா என்று சித்தப்பா கேட்டார். போல்ட் பளபளவென்று இருக்கும், ஆனால் உப்பு ஈரத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கேட் இரும்புதான் பலியாகும். பிளாஸ்டிக் வாஷர் வைத்துப் பிரிக்க முடிந்தால் போடலாம், இல்லையென்றால் ஜி.ஐ. போல்ட்டே போதும்.

இப்போது வாரம் ஒருமுறை சித்தப்பா முருங்கைக்குத் தண்ணீர் விடும்போது குழாயைத் திருப்பி, மழை படாத உள்பக்கத்தையும் ஜன்னல் கம்பியையும் ஒரு நிமிடம் அடித்துவிடுகிறார். கொஞ்சம் பிரைமரும் சாயமும் மூடி இறுக்கி ஸ்டோரில் வைத்திருக்கிறோம். எட்டு மாதம் கழித்துக் கார் கதவு இடித்த இடத்தில் மிளகு அளவுக்கு ஓர் ஆரஞ்சுப் புள்ளி வந்தது. அந்த இடத்தை மட்டும் கழுவி, காலையில் பார்த்து, தேய்த்து, மூடினார். கொப்புளம் இன்னும் ஒன்றுகூட வரவில்லை. சித்தி இப்போது பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டையும் குளிப்பாட்டச் சொல்கிறார்.